தட்டா, டின்னா, மாத்திரையா: அறுபதை நெருங்கும் எலும்புக்கு எதை நம்புவது?

போன தை மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச எலும்பு முகாம் ஒன்று நடந்தது. குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து இரண்டு நிமிடத்தில் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அத்தையின் சீட்டில் எலும்பு அடர்த்தி மைனஸ் 2.3 என்று இருந்தது. அதைப் பார்த்து மிரண்டுபோன அத்தை, நேரே கடைக்குப் போய் ஒரு புரதப் பவுடர் டின், கால்சியம் மாத்திரை, வாரம் ஒன்றாகப் பாலில் கலக்கிக் குடிக்கும் வைட்டமின் டி பாக்கெட் என்று மூன்றையும் வாங்கிவிட்டார். ஒன்றரை மாதம் கழித்து அவற்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "எதை எப்பச் சாப்பிடணும்னு மட்டும் சொல்லு, போதும்."

நான் கும்பகோணத்தில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டி நடைப்பயிற்சி, எடைப் பயிற்சி என்று ஆரம்பித்தவர்கள் இப்போதெல்லாம் நிறையப் பேர் வருகிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கேட்பது இதைத்தான்: வீட்டுச் சாப்பாட்டையே சரிசெய்தால் போதுமா, பவுடர் வேண்டுமா, மாத்திரை வேண்டுமா? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. அத்தைக்கு எப்படிக் கணக்குப் போட்டேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுத் தட்டுக்கு அதே கணக்கை நீங்களும் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் அந்தச் சீட்டு. எலும்புச் சிதைவு என்று சொல்வதற்கான மைனஸ் 2.5 என்ற கோடு, இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் அளவுக்காகப் போட்டது. குதிகால் கருவி காட்டும் எண்ணை அந்தக் கோட்டோடு ஒப்பிடக் கூடாது. சந்தேகப்பட்டு அடுத்த சோதனைக்குப் போகத்தான் அது உதவும். அத்தையைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் டெக்ஸா எடுத்தோம். முதுகெலும்பு மைனஸ் 1.9, இடுப்பு மைனஸ் 1.6. அடர்த்தி குறைந்திருக்கிறது, ஆனால் எலும்புச் சிதைவு என்ற கட்டத்துக்கு வரவில்லை. மைனஸ் 2.5-க்குக் கீழே போயிருந்தாலோ, லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டோ இடுப்போ முறிந்திருந்தாலோ இந்தக் கட்டுரையில் வரும் மூன்று வழியுமே போதாது. அதற்கென்று தனி மருந்து இருக்கிறது, அதை மருத்துவர்தான் தொடங்க வேண்டும். கூடவே இரத்தத்தில் கிரியேட்டினினும் வைட்டமின் டி-யும் பார்த்தோம். சிறுநீரகம் நன்றாக இருந்தது. வைட்டமின் டி 17, அதாவது குறைவு.

அப்புறம் தட்டைப் பார்த்தோம். அத்தைக்கு 59 வயது, 60 கிலோ எடை. 48 வயதில் மாதவிலக்கு நின்றது. ஒரு வருடமாகக் காவிரிக் கரையில் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். நான்கு மாதமாக வாரம் இரண்டு நாள் பெண்களுக்கான ஜிம்முக்கும் போகிறார். மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். காலையில் நான்கு இட்லி, சட்னி, கொஞ்சம் சாம்பார். மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல், கடைசியில் கொஞ்சம் தயிர். இரவு மூன்று தோசை. நடுவில் இரண்டு காபி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன்.

டெல்டாவில் பாதி வீடுகளின் நோட்டு இப்படித்தான் இருக்கும். பார்க்க வயிறு நிறைந்த சாப்பாடுதான். கணக்குப் போட்டால், காலை இட்லியில் 10 கிராம் புரதம், மதியம் 18, இரவு 10, காபிப் பாலில் 5. எல்லாம் சேர்த்து 43 கிராம். சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்று நம் நாட்டு ஊட்டச்சத்து வழிகாட்டி சொல்கிறது. அந்தக் கணக்கிலேயே அத்தைக்கு 50 கிராம் வேண்டும். வயது ஏற ஏற, சாப்பிடும் புரதத்துக்குத் தசை முன்பு போல ஈடுகொடுப்பதில்லை. எடையும் தூக்கத் தொடங்கிவிட்டால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை எடுப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் 60 முதல் 72 கிராம். ஆக ஒரு நாளைக்கு 17 முதல் 29 கிராம் வரை குறைகிறது.

கால்சியம் இன்னும் மோசம். காபிப் பாலும் தயிரும் சேர்ந்து 300 மில்லிகிராம். மற்றதெல்லாம் சேர்த்து 150, போனால் 200. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 வேண்டும். பாதிகூட இல்லை.

ஆக, புரதத்தில் சுமார் 25 கிராம், கால்சியத்தில் 700 மில்லிகிராம். அத்தை அடைக்க வேண்டிய பள்ளம் இதுதான். அதை எந்த வழி எவ்வளவு அடைக்கும், என்ன விலைக்கு அடைக்கும் என்று இனி பார்ப்போம்.

டின்

அத்தை வாங்கிவந்த டின்னைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பட்டியலைப் படித்தேன். 100 கிராமில் 11 கிராம் புரதம்; மீதியில் பெரும்பகுதி மால்ட்டும் சர்க்கரையும். இரண்டு கரண்டி போட்டால் 3 கிராம் புரதம் கிடைக்கும். அரை முட்டை அளவு. டின்னின் முன்பக்கம் என்ன படம் இருந்தாலும் சரி, பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்ற அந்த ஒரு வரியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வீட்டில் அரைக்கும் சத்துமாவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அதில் தானியம்தான் அதிகம், ஒரு கைப்பிடி மாவில் 3, 4 கிராம் வந்தால் பெரிது. பசிக்கு நல்லது, புரதப் பள்ளத்தை அடைக்க அது போதாது.

உண்மையான புரதப் பவுடர் என்றால் மோர்ப் புரதம், அதாவது வே புரோட்டீன். பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் நீரிலிருந்து எடுப்பது. 30 கிராம் கொண்ட ஒரு கரண்டியில் சுமார் 24 கிராம் புரதம். அத்தையின் பள்ளம் முழுக்க ஒரே டம்ளரில் அடைந்துவிடும். தசையைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலமும் அதில் தாராளமாக இருக்கிறது. பல் இல்லாதவர்கள், பசியே எடுக்காதவர்கள், முட்டையும் மீனும் தொடாதவர்கள், காலையில் சமைக்க ஆள் இல்லாதவர்கள், இவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இது.

விலைதான் இடிக்கிறது. நல்ல வே ஒரு கிலோ 2,500 ரூபாய்க்குக் குறையாது. ஒரு கரண்டி 75 ரூபாய்க்கு மேல் ஆகிறது. முட்டை ஒன்று 7 ரூபாய் என்றால் அதே 24 கிராமை நான்கு முட்டையில் 28 ரூபாய்க்கு எடுக்கலாம். பச்சைப் பயறில் எடுத்தால் இன்னும் குறைவு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வே குடித்ததும் வயிறு உப்பும். அதிலும் லாக்டோஸ் அதிகம் நீக்கப்பட்ட ஐசொலேட் வகை தாங்கும், ஆனால் விலை இன்னும் கூடுதல். இன்னொன்று, பவுடர் புரதத்தை மட்டும்தான் சரிசெய்யும். 700 மில்லிகிராம் கால்சியத்தில் ஒரு கரண்டி வே கொண்டுவருவது கொஞ்சம்தான்.

உடற்பயிற்சி முடித்த அரை மணிக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று ஜிம்மில் சொல்லியிருந்தார்கள். அத்தையின் வயதில் அந்த அரை மணியைவிட, மூன்று வேளைக்கும் புரதத்தைப் பிரித்துச் சாப்பிடுவதுதான் பலன் தரும். வேளைக்கு 20 முதல் 25 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் காலை இட்லிதான் எப்போதும் காலை வாரிவிடும் வேளை.

மாத்திரை

அத்தை வாங்கியது கால்சியம் கார்பனேட். அட்டையில் 1,250 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதில் உண்மையான கால்சியம் 40 சதவீதம், அதாவது 500. உடல் ஒரே நேரத்தில் 500-க்கு மேல் நன்றாக உறிஞ்சாது என்பதால் இரண்டைச் சேர்த்துப் போடுவதில் பயன் இல்லை. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்கு அமிலமே குறைந்திருக்கும். அவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தம், அதைச் சாப்பாடு இல்லாமலும் போடலாம்.

அத்தை எங்கே தவறினார் என்று சொல்லியே ஆக வேண்டும். முகாம் முடிந்து என்னிடம் வந்ததே ஒன்றரை மாதம் கழித்துதான். அதுவரை பொட்டியைப் பிரித்துத் தினமும் ஒரு மாத்திரை போட்டிருக்கிறார். காலை 5.30-க்குத் தைராய்டு மாத்திரை, 6.30-க்குக் காபியோடு கால்சியம் மாத்திரை. இரண்டுக்கும் நடுவில் ஒரே மணி நேரம். கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இரத்தத்துக்குப் போக விடாது. அசதி, முடி கொட்டல், மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் வயதாகிவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறார். தைராய்டு மருந்து போதாதபோது ஏறும் டி.எஸ்.எச் அளவைப் பார்த்தபோது, அது 3-லிருந்து 9-க்கு ஏறியிருந்தது. தைராய்டு மருந்தின் அளவைக் கூட்டத் தேவைப்படவில்லை. கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினோம். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், அத்தைக்கு ஏழு மணி நேரம் கிடைத்தது. இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரையையும் இதே போலத் தள்ளிப் போட வேண்டும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் மாத்திரைக் கால்சியத்தை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற பெண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கல் வருவது 17 சதவீதம் அதிகமாக இருந்தது. 2006-ல் வந்த முடிவு அது. உணவிலிருந்து வரும் கால்சியம் அப்படிச் செய்வதில்லை. சாப்பாட்டோடு வரும்போது அது, கல் உண்டாக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிவிடுவதால், கல்லைத் தடுக்கவே செய்கிறது.

வைட்டமின் டி பாக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். அத்தைக்கு மருத்துவர் வாரம் ஒன்றாக எட்டு வாரமும், பிறகு மாதம் ஒன்றும் எழுதினார். எட்டு வாரம் முடிந்த பிறகும் கடையில் கேட்டு வாங்கி வருடக் கணக்கில் வாரா வாரம் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது உடம்பில் தேங்கும் வைட்டமின். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல் என்று வரும், சிறுநீரகமும் பழுதாகும்.

தட்டு

எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த தாளுக்கு நடுவில் அது முளைத்து நிற்கும். பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்துவிடும். அத்தை வீட்டு மாடியறையில் ஒரு மூட்டைப் பயறு இருக்க, 75 ரூபாய்க் கரண்டியைத் தேடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்காகத்தான் முதலில் தட்டை முயன்று பார்ப்போம் என்றேன்.

உளுந்து எலும்புக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னது சரிதான், காரணம் மட்டும் வேறு. உளுந்தில் கால்சியம் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. 100 கிராமில் 24 கிராம் புரதம் இருக்கிறது. எலும்பு என்றால் சுண்ணாம்பு மட்டும் என்று நினைக்கிறோம். அதன் கன அளவில் ஏறக்குறைய பாதி புரதச் சட்டம், அந்தச் சட்டத்தில்தான் கால்சியம் படிகிறது. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்தும் பயறும் ஈடுகட்டுகின்றன. இட்லியின் சேர்க்கை அதனால்தான் நல்ல சேர்க்கை. நான்கு இட்லியில் உளுந்து கொஞ்சமாகத்தான் இருக்கிறது, அதுதான் குறை.

மாற்றியது நான்கே விஷயம். காலையில் இட்லியை மூன்றாகக் குறைத்து, இரண்டு அவித்த முட்டை. மதியம் பொரியலோடு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பச்சைப் பயறை ஊறவைத்து அவித்த சுண்டல். சாயங்காலக் காபிக்குப் பதில் ஒரு பெரிய டம்ளர் பால், 200 மில்லி. இரவு தோசைக்குப் பதில் முளைகட்டிய கேழ்வரகு மாவில் அடை, கூட ஒரு கிண்ணம் தயிர். முட்டையில் 12 கிராம், பயறில் 7, பாலில் கூடுதலாக 4, தயிரில் 3. ஒரு இட்லி குறைந்ததைக் கழித்தால் நிகரமாக 24 கிராம் கூடுகிறது. 43-லிருந்து 67. புரதப் பள்ளம் தட்டிலேயே மூடிவிட்டது.

கால்சியம் அவ்வளவு லேசில் மூடவில்லை. பால் மாற்றத்தில் 150, தயிரில் 120, கேழ்வரகு அடையில் 200 சொச்சம், முட்டையும் பயறும் சேர்ந்து 80. எல்லாம் சேர்த்து 1,000-ஐத் தொடுகிறது. கேழ்வரகில் உள்ள கால்சியம் பாலில் இருப்பது போல முழுக்க உடம்பில் சேராது. ஊறவைத்து முளைகட்டினால் ஓரளவு மேம்படும். அகத்திக்கீரையில் 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. துவாதசிக்குச் சமைக்கும் அதைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்றில்லாமல் வாரம் ஒரு நாள் சமைக்கலாம். ஆனால் கீரைகளின் பட்டியல் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பசலைக்கீரை, முளைக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவைத்துவிடும். பாலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேரும், பசலையில் இருபதில் ஒரு பங்கு சேர்ந்தால் அதிகம். எள்ளுப்பொடி ஒரு ஸ்பூன் நல்ல துணை. நாகப்பட்டினம் பக்கமிருந்து வரும் நெத்திலியை முள்ளோடு முழுதாகச் சாப்பிட்டால் புரதமும் கால்சியமும் ஒன்றாக வரும். வஞ்சிரத் துண்டில் அந்தக் கால்சியம் கிடைக்காது, அது முள்ளில்தான் இருக்கிறது. நெத்திலிக் கருவாடு வேண்டாம் என்றேன். அத்தைக்கு இரத்த அழுத்தம், கருவாட்டில் உப்பு.

ஒரு மாதம் கழித்து நோட்டைத் திரும்பப் பார்த்தேன். முட்டையும் சுண்டலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பாலும் பரவாயில்லை. கேழ்வரகு அடை மட்டும் வாரம் மூன்று நாள்தான். மாமாவுக்குத் தோசைதான் பிடிக்கும், இரண்டு மாவு அரைப்பது அத்தைக்குப் பெரிய வேலை. காகிதத்தில் 1,000 வந்த கால்சியம், அடுப்படியில் பாதி நாள் 800-ல் நின்றது. தட்டு வழியில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சமைக்கிறவருக்கு அது கூடுதல் வேலை. அதை எண்ணிப் பார்க்காமல் எழுதித் தரும் பட்டியல் நாலு நாள் தாங்காது.

எதைத் தேர்ந்தோம்

புரதத்துக்குத் தட்டு, கால்சியத்துக்குத் தட்டும் ஒரே ஒரு மாத்திரையும். கேழ்வரகு அடையோ நெத்திலியோ இல்லாத நாளில் மட்டும் மதியச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராம் ஒன்று. இரண்டில் ஒன்றாவது இருக்கிற நாளில் மாத்திரை வேண்டாம். டின்னை அத்தை பேரனுக்குக் கொடுத்துவிட்டார்.

இதே வீட்டில் மாமாவுக்கு நான் வேறு பதில் சொன்னேன். அவருக்கு 66 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கிரியேட்டினின் 1.8. அவர் தட்டில் முட்டையையும் சுண்டலையும் இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. சிறுநீரகம் குறைந்தவர்களுக்குப் புரதம் எவ்வளவு என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நம் பக்கம் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, அதனால் ஐம்பதைக் கடந்த யாரும் புரதத்தைக் கூட்டும் முன் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள்.

சைவ வீடு என்றாலும் கணக்கு மாறும். முட்டை இடத்தில் நான்கு பருப்பு அடை இரண்டு, அல்லது 25 கிராம் சோயா உருண்டை வைத்தால் அந்த 12 கிராம் வந்துவிடும். அதுவும் தினமும் முடியாது என்றால், காலையில் அரைக் கரண்டி வே பாலில் கலந்து குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். புரட்டாசியில் அத்தைக்கும் இதையேதான் சொன்னேன், அவர் அடையைத் தேர்ந்தார்.

எந்த வழி எடுத்தாலும், நடை மட்டும் போதாது. கரையில் நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. முதுகெலும்பின் அடர்த்தியை அது பெரிதாகக் கூட்டுவதில்லை. ஆஸ்திரேலியாவில் அடர்த்தி குறைந்த, மாதவிலக்கு நின்ற பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் கண் முன்னால் கனமான எடை தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அந்தக் கனத்துக்கு யாரும் முதல் நாளே போகவில்லை, படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, இப்போது இரண்டு கையிலும் ஐந்து ஐந்து கிலோ பிடித்துச் செய்கிறார். முதுகை வளைத்துக் குனிந்து எடை எடுப்பதை மட்டும் அடர்த்தி குறைந்தவர்கள் விட்டுவிட வேண்டும். முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்குவது அப்படித்தான்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு ஓடவில்லை. ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வரும் வித்தியாசம் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குப் பதில் மாதம் ஒரு தடவை, கையை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுகிறோம். தொடங்கும்போது 9. ஐப்பசியில் 14. அடுத்த டெக்ஸா ஒரு வருடம் முடிந்த பிறகுதான்.